பட்டன் டப்பாவும் சுபியும்: கதை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலை வட்டாரத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நான் சொல்லிவரும் கதை இது. கேட்டுவிட்டு வீட்டில் செய்துபார்த்த பெற்றோரும், அங்கன்வாடியில் சொல்லிப்பார்த்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சுபியும் அவளுடைய பாட்டியும் கற்பனைப் பாத்திரங்கள்.

கதை எங்கள் கையில் இல்லை. முழுதாகச் சொல்ல முடியுமா?

ஐப்பசி மழைக்குப் பள்ளி விடுமுறை. சுபிக்கு ஐந்து வயது. பாட்டி முன்னறையில் தையல் மிஷின் அருகே உட்கார்ந்து ஒரு வெள்ளைச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். பட்டன் வைக்க வேண்டிய நேரம் வந்ததும் அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். கிழிந்த சட்டைகளிலிருந்தும் பாவாடைகளிலிருந்தும் வெட்டி எடுத்துச் சேர்த்த பட்டன்கள் அதில் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன.

"மக்களே, இதைக் கொஞ்சம் பிரித்துத் தருகிறாயா?"

"எப்படிப் பிரிக்க, பாட்டி?"

"ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாகப் போடு."

பட்டன்கள் உருண்டோடாமல் இருக்க, பாட்டி அவற்றைச் சொளவில் கொட்டினார். சுபி முதலில் சிவப்பை எல்லாம் பொறுக்கினாள். பிறகு வெள்ளை, பிறகு நீலம். கடைசியில் சிரட்டையில் செய்த ஒரு தவிட்டு நிறப் பட்டன் மட்டும் மிஞ்சியது. அதைச் சிவப்போடு வைத்துப் பார்த்தாள், எடுத்தாள். வெள்ளையோடு வைத்தாள், அதையும் எடுத்தாள்.

"பாட்டி, இதற்குக் கூட்டாளி இல்லை."

"இல்லாவிட்டால் தனியாக இருக்கட்டும்."

நான்கு குவியல்கள். வெள்ளை 9, சிவப்பு 8, நீலம் 6, தவிட்டு நிறம் 1. சுபி எண்ணி முடித்ததும் பாட்டி உள்ளங்கையால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலைத்துவிட்டார்.

"பாட்டி! நான் பிரித்து வைத்தது!"

"அழகாகப் பிரித்தாய். இப்போது எனக்கு நிறம் வேண்டாம். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் போடு."

சுபி தொடங்கினாள். சட்டைப் பட்டன்கள் இந்தப் பக்கம், கோட்டுப் பட்டன்கள் அந்தப் பக்கம். நடுவில் ஒரு நீலப் பட்டன் அவளைத் திணறடித்தது. சட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பெரியது. கோட்டுப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னது. அங்கும் இங்கும் மாற்றி மாற்றி வைத்தாள். பாட்டி தாத்தாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்து, அதிலிருந்த ஒரு காஜாவை விரலால் விரித்துக் காட்டினார்.

"கண்ணைக் கேட்காதே, காஜாவைக் கேள். இதில் நுழைந்தால் சின்னது. நுழையாவிட்டால் பெரியது."

நீலப் பட்டன் நுழையவில்லை. சுபி மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். சின்னது 13, பெரியது 11.

இந்த முறை கலைத்தது சுபிதான். "அடுத்து என்ன, பாட்டி?"

"மூலை இருப்பது, மூலை இல்லாதது."

சதுரம் 5, வட்டம் 19. சதுரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய சிவப்புப் பட்டனை எடுத்துச் சுபி உற்றுப் பார்த்தாள். "இது முதலில் சிவப்பில் இருந்தது. பிறகு பெரியதில் இருந்தது. இப்போது சதுரத்தில் இருக்கிறது."

"மூன்றில் எது அதன் வீடு?"

சுபி சற்று நேரம் யோசித்தாள். "மூன்றும்தான்."

பாட்டி தையல் சாக்கால் தரையில் கோடுகள் போட்டார். மேலிருந்து கீழாக வெள்ளை, சிவப்பு, நீலம், தவிட்டு நிறம் என்று நான்கு வரிசைகள். இடப்பக்கம் வட்டம், வலப்பக்கம் சதுரம். எட்டுக் கட்டங்கள். சுபி ஒவ்வொரு பட்டனையும் அதன் கட்டத்தில் வைத்தாள். வேலை முடிந்தபோது இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. தவிட்டு நிறச் சதுரம் இல்லாதது அவளுக்கு வியப்பாக இல்லை. அந்த நிறத்தில் இருந்ததே ஒன்றுதான். வெள்ளைச் சதுரம் இல்லாததைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். சொளவைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"வெள்ளைச் சதுரப் பட்டன் நம்மிடம் இல்லை, பாட்டி."

"இத்தனை வருடமாக இந்த டப்பா என்னிடம் இருக்கிறது, எனக்குத் தெரியாதே. உனக்கு எப்படித் தெரிந்தது?"

சுபி காலிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

பாட்டி சட்டையை மடியில் எடுத்து வைத்தார். "இதற்கு வெள்ளையில், வட்டமாக, சின்னதாக ஆறு பட்டன் வேண்டும்." சுபி முழு டப்பாவையும் தேடவில்லை. வெள்ளை வட்டக் கட்டத்தில் இருந்த ஒன்பதை மட்டும் எடுத்துக் காஜாவில் நுழைத்துப் பார்த்தாள். ஏழு நுழைந்தன. ஆறைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, ஏழாவதை மறுபடி அதே கட்டத்தில் வைத்தாள்.

பாட்டி ஏன் குழந்தை ஆசையாகப் பிரித்ததைக் கலைக்கிறார்? என் பிள்ளை அந்த இடத்தில் அழுதே விட்டான்.

கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நிறம் பார்த்துப் பிரிப்பது மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கே பெரும்பாலும் கைகூடும். அதே பட்டன்களை நிறத்தை மறந்துவிட்டு அளவு பார்த்துப் பிரிப்பது வேறு வகையான வேலை. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று குவியல்கள் கண்முன் இருக்கும்வரை, "பெரியதை எடு" என்று சொன்னாலும் குழந்தை பழைய குவியலுக்குள்ளேயே புதிய வேலையைச் செய்யும். சிவப்பில் பெரியதை ஒதுக்கும், வெள்ளையில் பெரியதை ஒதுக்கும், இரண்டையும் ஒன்று சேர்க்காது. கலைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பழைய குவியல் இருக்காது.

அழும் குழந்தைக்கு ஒரு வழி உண்டு. கலைப்பதற்கு முன்பு குவியல்களை எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெள்ளை 9, சிவப்பு 8 என்று எழுதியதும், அவன் செய்த வேலை தாளில் பத்திரமாக இருக்கிறது என்று அவனுக்குப் புரியும். இரண்டாவது முறை கலைக்கும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள். கதையில் சுபி தானே கலைப்பது அதனால்தான்.

நிறத்தில் நன்றாகப் பிரித்தான். "இப்போது அளவு" என்றால் மறுபடியும் நிறத்திலேயே பிரிக்கிறான். சொல்வது புரியவில்லையா?

புரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபிலிப் ஸெலாஸோ என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் இதைச் சீட்டுகளை வைத்து ஆராய்ந்தார்கள். முயலும் படகும் வரைந்த சீட்டுகள், சிவப்பிலும் நீலத்திலும் இருக்கும். முதலில் நிறம் பார்த்து இரண்டு தட்டுகளில் போடச் சொல்வார்கள். பிறகு படம் பார்த்துப் போடச் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் விதி மாறிய பிறகும் நிறம் பார்த்தே போட்டுக்கொண்டிருந்தார்கள். "முயல் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டால் சரியான தட்டைக் காட்டவும் செய்தார்கள். சீட்டைக் கையில் கொடுத்ததும் கை பழைய தட்டுக்கே போனது. ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் மாறிவிடுகிறார்கள்.

ஆகவே மூன்றரை வயதுக் குழந்தை இப்படிச் செய்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை, சில மாதம் கழித்துப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தை செய்தால், ஒவ்வொரு பட்டனையும் கையில் எடுத்ததும் அதன் பெயரைப் புதிய விதிப்படி வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். "பெரியது" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். "சிவப்பு" என்று வாயில் வந்தால், "இப்போது நாம் எதைப் பார்க்கிறோம்?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் மாறும்போது கையும் மெல்ல மாறும்.

பாதிவரை ஒழுங்காகப் போகிறது. பிறகு எங்கோ தடம் மாறி எல்லாம் குழம்பிவிடுகிறது. எங்கே தவறுகிறது?

குவியலைப் பார்க்காமல், பட்டன்களை வைத்த வரிசையைப் பாருங்கள். அதில் பதில் கிடைக்கும். என் வகுப்பில் அடிக்கடி நடப்பது இது: குழந்தை ஒரு சிவப்பு வட்டத்தை வைக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சதுரம். அடுத்து கைக்கு வருவது நீலச் சதுரம். முந்தைய பட்டனும் சதுரம் என்பதால் அதன் பக்கத்தில் வைக்கிறது. அதற்குப் பிறகு நீல வட்டம். ஒவ்வொரு பட்டனுக்கும் தனக்கு முன்னால் உள்ளதோடு உறவு இருக்கிறது. ஆனால் முதல் பட்டனுக்கும் கடைசிப் பட்டனுக்கும் ஒரே விதி இல்லை.

ஜெனீவாவில் ழான் பியாஜேயும் பேர்பல் இன்ஹெல்டரும் 1959இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய அடுக்குகளை விரிவாக விவரித்திருக்கிறார்கள். சில குழந்தைகள் பிரிப்பதை விட்டுவிட்டுப் படமே செய்யத் தொடங்கிவிடும் என்பதையும் கவனித்தார்கள். நம் வீட்டிலும் பார்க்கலாம். பட்டன்களை வட்டமாக அடுக்கி, "இது பூ" என்பாள். நீளமாக வைத்து, "இது ரயில்" என்பாள். அது விளையாட்டு, விடுங்கள். பூவை முடித்துவிட்டு வரட்டும்.

சங்கிலியாக அடுக்கும் குழந்தைக்கு "இது தவறு" என்று சொல்வதால் பயன் இல்லை. அதன் பார்வையில் பக்கத்துப் பட்டன் பொருந்தத்தான் செய்கிறது. குவியலைக் காட்டி, "இந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் வை" என்று சொல்லுங்கள். "சிவப்புக் கூட்டம்" என்று சொன்ன உடனேயே அதில் இருக்கும் நீலப் பட்டனைக் குழந்தை தானே எடுத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெயர் வைக்க முடியாமல் திணறினால், முதல் பட்டனையும் கடைசிப் பட்டனையும் மட்டும் எடுத்து அருகருகே வைத்து, "இவை இரண்டும் எதில் ஒன்று?" என்று கேளுங்கள். அதற்கு மேல் பேச வேண்டாம்.

நிறம் முதலில், அளவு இரண்டாவது, வடிவம் மூன்றாவது. இந்த வரிசை கட்டாயமா?

நிறம் முதலில் வருவது நல்லது. ஒரு பட்டனைத் தனியாகக் கையில் எடுத்தாலே அது சிவப்பு என்று சொல்லிவிடலாம். அளவில் அது முடியாது. தனியாகக் கிடக்கும் ஒரு பட்டன் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. பக்கத்தில் இன்னொன்று வந்த பிறகுதான் அந்தச் சொற்களுக்குப் பொருள் கிடைக்கிறது. மூன்றில் அளவுதான் கடினம் என்று நான் நினைக்கிறேன். சில வீடுகளில் வடிவத்தை இரண்டாவதாகவும் அளவைக் கடைசியாகவும் வைக்கிறார்கள், அதுவும் சரியே.

நிறத்திலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கருநீலத்தையும் கறுப்பையும் மாலை வெளிச்சத்தில் பெரியவர்களாலேயே பிரிக்க முடியாது. பகலில், வாசல் பக்கம் உட்கார வையுங்கள். இரண்டாவது, அளவும் வடிவமும் பிசகாமல் பிரிக்கும் ஒரு குழந்தை நல்ல வெளிச்சத்திலும் சிவப்பையும் பச்சையையும், அல்லது சிவப்பையும் தவிட்டு நிறத்தையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே வைத்தால், அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். பிறவியிலேயே சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத கண்கள் உண்டு. ஆண் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கண் மருத்துவரிடம் காட்டினால் எளிய சோதனையில் தெரிந்துவிடும்.

காஜாவில் நுழைத்துப் பார்ப்பது கதைக்காகச் சேர்த்ததா, உண்மையிலேயே சரியாக வருமா?

சரியாக வரும். ஒரு காஜாவின் நீளத்தைத் தையல்காரர் பட்டனின் குறுக்களவோடு அதன் தடிமனையும் கூட்டித்தான் முடிவு செய்கிறார். சாதாரணச் சட்டைப் பட்டனின் குறுக்களவு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். தடிமன் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். எனவே காஜா 13 அல்லது 14 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கால்சட்டைப் பட்டன் 15 மில்லிமீட்டர் வரும், கோட்டின் முன்பக்கப் பட்டன் 20 மில்லிமீட்டர். இரண்டும் அந்தக் காஜாவில் நுழையாது. சுபியைத் திணறடித்த நீலப் பட்டன் கால்சட்டைப் பட்டன்.

பட்டன் வியாபாரத்தில் இந்த அளவுகளை லைன் என்ற அலகில் சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு 40 லைன். சட்டைப் பட்டன் 18 லைன், கால்சட்டைப் பட்டன் 24 லைன், கோட்டுப் பட்டன் 32 லைன். குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். "என் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது" என்பதை விட்டு, யார் செய்தாலும் ஒரே விடை தரும் ஒரு சோதனை இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: பலமுறை துவைத்து நைந்த சட்டையின் காஜா தளர்ந்திருக்கும். 15 மில்லிமீட்டர் பட்டனும் இழுத்தால் உள்ளே போய்விடும். சோதனைக்கு எடுக்கும் காஜாவில் தையல் பிரியாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சதுரப் பட்டன் மூலை மாட்டிக்கொண்டு நுழையாமல் ஏமாற்றும். பக்கத்தை நேராக வைத்து நுழைக்கச் சொல்லுங்கள்.

கட்டம் போடும் பகுதி என் வகுப்புக்குப் புரியவில்லை. எப்படிப் படிப்படியாகச் செய்வது?

முதலில் கட்டம் வேண்டாம். இரண்டு நூல் வளையங்களைத் தரையில் போடுங்கள். ஒன்றில் சிவப்பு எல்லாம், மற்றதில் சதுரம் எல்லாம். சிவப்புச் சதுரம் கைக்கு வந்ததும் குழந்தைகளுக்குள் சண்டை வரும். வரட்டும். ஒரு குழந்தை சிவப்பு வளையத்தில் வைக்கும், இன்னொன்று எடுத்துச் சதுர வளையத்தில் வைக்கும். சற்று நேரம் கழித்து, "இரண்டு வளையத்துக்கும் உள்ளே ஒரே நேரத்தில் இருக்கும்படி செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். வளையங்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று படும்படி வைக்க வேண்டும் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் நீங்களே மெல்ல நகர்த்துங்கள்.

சுபியின் டப்பாவை எடுத்துக்கொண்டால், சிவப்பு 8, சதுரம் 5. இரண்டையும் கூட்டினால் 13 வரும். ஆனால் இரண்டு வளையங்களிலும் உள்ள பட்டன்களை எண்ணினால் 10தான் இருக்கும். மூன்று பட்டன்கள் இரண்டிலும் இருப்பதால் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் இந்த மூன்றைத் தாங்களாகவே தொட்டுக் காட்டுவார்கள்.

அதன் பிறகு கட்டம் எளிது. வரிசையின் தொடக்கத்தில் எழுத்துக்குப் பதிலாக அந்த நிறத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டுங்கள். மேலே ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வரையுங்கள். பட்டனை எடுத்த குழந்தை ஒரு கையை நிறத்தின் மேலும் மறு கையை வடிவத்தின் மேலும் வைத்து, இரண்டு கைகளையும் நேராக நகர்த்திச் சந்திக்க வைக்கட்டும். கைகள் சந்திக்கும் கட்டம்தான் பட்டனின் இடம். நிரப்பி முடித்ததும் இப்படி இருக்கும்:

| | வட்டம் | சதுரம் |
|---|---|---|
| வெள்ளை | 9 | 0 |
| சிவப்பு | 5 | 3 |
| நீலம் | 4 | 2 |
| தவிட்டு நிறம் | 1 | 0 |

வட்ட வரிசையைக் கூட்டினால் 19, சதுர வரிசையைக் கூட்டினால் 5. மொத்தம் 24. கூட்டல் பொருந்தாவிட்டால் ஏதோ ஒரு பட்டன் சொளவின் ஓரத்தில் ஒளிந்திருக்கிறது என்று பொருள்; குழந்தைகளே தேடட்டும்.

காலிக் கட்டத்துக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள்?

குவியலாக வைத்தால் இருப்பது மட்டுமே தெரியும். வெள்ளைக் குவியலை எத்தனை முறை பார்த்தாலும் அதில் சதுரம் இல்லை என்பது கண்ணில் படாது, ஏனென்றால் இல்லாத ஒன்றுக்குக் குவியலில் இடம் கிடையாது. கட்டம் போட்டால் இருக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் முன்பே இடம் ஒதுக்கப்படுகிறது. அதனால்தான் பாட்டிக்கு இத்தனை காலம் தெரியாதது சுபிக்குத் தெரிந்தது. அவள் டப்பாவைத் தட்டிப் பார்க்கும் இடத்தில் கதையை நிறுத்தி, "தட்டினால் கிடைக்குமா?" என்று வகுப்பில் கேளுங்கள். கிடைக்கும், கிடைக்காது என்று இரண்டு கட்சிகள் உருவாகும். கிடைக்காது என்பவர்களிடம் காரணம் கேளுங்கள். "எல்லாவற்றையும் வைத்துவிட்டோமே" என்ற பதில் வந்தால், அந்தக் குழந்தைக்குக் கட்டம் புரிந்துவிட்டது.

அதற்காகவே நீங்கள் பட்டன்களைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாக் கட்டங்களும் நிரம்பும்படி செய்யாதீர்கள். ஒரு கட்டமாவது காலியாக இருக்க வேண்டும். அது குழந்தைக்கு நன்கு தெரிந்த, நிறையப் பட்டன்கள் உள்ள நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

"வட்டப் பட்டன் அதிகமா, பட்டன் அதிகமா?" என்று கேட்டேன். "வட்டம்தான் அதிகம்" என்கிறாள். எண்ணத் தெரிந்த பிள்ளை ஏன் இப்படிச் சொல்கிறாள்?

அவள் 19ஐ 5உடன் ஒப்பிடுகிறாள். நீங்கள் கேட்டது 19ஐ 24உடன் ஒப்பிடும் கேள்வி. வட்டத்தை மனத்தில் ஒதுக்கி வைத்ததும், அவளுக்கு மிஞ்சுவது சதுரம் மட்டுமே. வட்டத்தையும் உள்ளடக்கிய முழுக் கூட்டம் அந்த நேரத்தில் அவள் கையில் இல்லை. இதையும் பியாஜே ஆராய்ந்திருக்கிறார். ஏழு, எட்டு வயதுவரை இந்தப் பதில் வருவது இயல்பு.

ஐந்து வயதில் விளக்கிச் சொல்லிப் பயன் இல்லை. கேள்வியைச் செயலாக மாற்றினால் ஓரளவு உதவும். "வட்டப் பட்டன்களை எல்லாம் எனக்குக் கொடுத்தால் டப்பாவில் ஏதாவது மிஞ்சுமா? பட்டன்களை எல்லாம் எனக்குக் கொடுத்தால் மிஞ்சுமா?" இரண்டுக்கும் சரியாகப் பதில் சொல்வாள். ஆனால் முதல் கேள்வியை மறுபடி கேட்டால் "வட்டம்" என்றே சொல்லக்கூடும். விட்டுவிடுங்கள். இரண்டாம் வகுப்பு முடிவில் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒற்றைச் சிரட்டைப் பட்டன் எதற்கு? அதை நீக்கிவிட்டால் கணக்கு எளிதாகுமே.

எளிதாகும், ஆனால் நல்ல ஒரு தடுமாற்றம் போய்விடும். ஒன்று மட்டும் இருந்தால் அது கூட்டமா என்று குழந்தைகள் உண்மையாகவே சந்தேகப்படுகிறார்கள். ஏதாவது ஒரு குவியலில் அதைத் திணித்துவிடத் துடிப்பார்கள். "தனியாக இருக்கட்டும்" என்று பாட்டி சொல்வதால் விதி வளையாமல் நிற்கிறது. அதே பட்டன் வடிவம் பார்க்கும்போது 18 தோழர்களோடு வட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும். விதி மாறினால் தனிமையும் மாறும் என்பதைக் குழந்தைகள் மிகவும் ரசிக்கிறார்கள். நம் ஊரில் சிரட்டைக்குப் பஞ்சம் இல்லை என்பதால் அந்தப் பட்டன் அவர்களுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது.

எத்தனை பட்டன் போதும்?

ஐந்து வயதுக்கு 24 போதும். நான்கு வயதுக்கு 12, அதுவும் இரண்டு நிறம், இரண்டு அளவு மட்டும். நாற்பதைத் தாண்டினால் பிரிப்பது பொறுமைச் சோதனையாகி, இரண்டாவது முறை கலைக்கக் குழந்தை சம்மதிக்காது.

வீட்டில் ஒன்றரை வயதுக் கைக்குழந்தையும் இருக்கிறது. பட்டன் ஆபத்தில்லையா?

ஆபத்துதான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஒரு சோதனை உண்டு: ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். கோட்டுப் பட்டன்கூட அதில் எளிதாக அடங்கிவிடும். எனவே கைக்குழந்தை தூங்கும்போது மட்டும் டப்பாவைத் திறங்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் எண்ணுங்கள். 24 என்றால் 24 இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பழைய டப்பாக்களில் கைக்கடிகாரத்திலிருந்தோ பொம்மையிலிருந்தோ எடுத்த வட்டமான வெள்ளி நிற பேட்டரி கலந்திருக்கலாம். பார்வைக்கு ஓட்டை இல்லாத உலோகப் பட்டன் போலவே இருக்கும். குழந்தையிடம் கொடுக்கும் முன்பு நீங்களே ஒருமுறை கொட்டிப் பார்த்து, அதைக் கண்டால் அப்புறப்படுத்துங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், 108ஐ அழையுங்கள் அல்லது நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

பட்டன் கிடைக்கவில்லை. முட்டம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை வைத்துச் செய்யலாமா?

ஒருமுறை பிரிப்பதற்குச் சிப்பி அழகான பொருள். கலைத்து மறுபடி பிரிப்பதற்கு அவ்வளவு உதவாது. ஒரு வகைச் சிப்பிக்கு ஒரு வடிவமும் ஏறக்குறைய ஒரு நிறமும் சேர்ந்தே வருகின்றன. நிறம் பார்த்துப் பிரித்தாலும் வடிவம் பார்த்துப் பிரித்தாலும் பெரும்பாலும் அதே குவியல்கள்தான் கிடைக்கும். குழந்தை விதியை மாற்றியதா இல்லையா என்று உங்களால் சொல்லவே முடியாது. ரப்பர் விதையிலும் மஞ்சாடியிலும் இதே சிக்கல், எல்லாம் ஒரே மாதிரி. பட்டனில் நிறமும் அளவும் வடிவமும் ஒன்றையொன்று சாராமல் இருக்கின்றன. சிவப்பு என்பதால் அது பெரியதாக இருக்க வேண்டியதில்லை.

பட்டனே இல்லாவிட்டால் தடித்த அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று நிறம், இரண்டு அளவு, இரண்டு வடிவம் என்று 12 வகை வரும். அவற்றில் ஒரு வகையை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டு, மற்ற 11 வகையிலும் இரண்டிரண்டு வெட்டினால் 22 துண்டுகள். எந்த வகையை விட்டீர்கள் என்பதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம். நிறத்தோடு வடிவத்தை மட்டும் வைத்துக் கட்டம் போட்டால் காலிக் கட்டம் வராது. அளவையும் சேர்த்து, பெரியதுக்கு ஒரு கட்டம், சின்னதுக்கு ஒரு கட்டம் என்று இரண்டு கட்டங்கள் போட்ட பிறகுதான் அது தெரியும்.

விதைகளை வைத்தே செய்வது என்று முடிவெடுத்தால், குன்றிமணி மட்டும் வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைக் கவரும், ஆனால் உடைத்தோ மென்றோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது. மஞ்சாடி முழுதும் சிவப்பாக இருக்கும், குன்றிமணியில் ஒரு முனை கறுப்பாக இருக்கும்.